கரகாட்ட வீடியோவைப் பார்த்து உடல் அசைவை அனிமேட் செய்வது: முழுமையான வழிகாட்டி

நாட்டுப்புற ஆட்டம் ஒன்றை அனிமேஷனில் கொண்டுவர நினைப்பவர்கள் பலரும் கையும் காலும் எங்கே போகின்றன என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வீடியோவைப் பின்னணியில் போட்டு, ஃப்ரேம் ஃப்ரேமாகக் கை காலைப் பொருத்திக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு போஸும் வீடியோவோடு கச்சிதமாக ஒத்துப்போகும். ஓடவிட்டுப் பார்த்தால் மட்டும் பாத்திரம் தரைக்கு மேல் மிதக்கும், உடம்பில் எடையே இருக்காது.

இந்த வழிகாட்டிக்கு நான் கரகாட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். காரணம், அந்த ஆட்டத்தில் எடை எங்கே இருக்கிறது என்பது வெளிப்படையாகவே தெரிகிறது. தலைமேல் ஒரு செம்பு. உள்ளே அரிசியோ மணலோ நிரப்பிக் கனம் ஏற்றியிருப்பார்கள். மேலே பூ அலங்காரம், உச்சியில் ஒரு கிளி. கை அதைத் தொடக் கூடாது. கழுத்துக்குக் கீழே என்ன நடந்தாலும் அந்தச் செம்பு கீழே விழாத அளவுக்குத்தான் நடக்க முடியும். இந்த ஒரு நிபந்தனையை அனிமேஷனில் சரியாகக் காட்டிவிட்டால், மற்ற அசைவுகளைப் பார்ப்பவர் தானாகவே நம்பிவிடுவார்.

கோயிலில் நேர்ந்துகொண்டு எடுக்கும் சக்தி கரகம் வேறு, மேளத்துக்கு ஆடும் ஆட்டக் கரகம் வேறு. இங்கே பேசுவது ஆட்டக் கரகத்தைப் பற்றி மட்டுமே. சக்தி கரகம் வழிபாடு. கோயில்காரர்கள் ஒப்புக்கொள்ளாமல் அதைப் படம் எடுப்பதும் சரியில்லை, அதன் அசைவை ஆட்டமாகக் காட்டுவதும் தவறு.

1. திருவிழா வீடியோ போதாது, நீங்களே எடுங்கள்

இணையத்தில் கரகாட்ட வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலும் கேமரா அலைந்துகொண்டே இருக்கும், நல்ல அடவு வரும்போது கூட்டத்தைக் காட்டும், பாதம் ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும். ஆட்டத்தின் சூட்டைப் புரிந்துகொள்ள அவை உதவும். அளவெடுக்க உதவாது. பாதம் தெரியாத வீடியோவை வைத்து அனிமேட் செய்யவே தொடங்காதீர்கள்.

ஒரு கலைஞரிடம் பேசி, எதற்காக எடுக்கிறோம், எங்கே வெளியாகும் என்பதைச் சொல்லி, ஒரு நிகழ்ச்சிக்கான சம்பளம் போல நியாயமாகக் கொடுத்து எடுங்கள். பங்குனி, சித்திரை மாதங்களிலும் ஆடியிலும் அவர்களுக்குக் கச்சேரி நெருக்கடி இருக்கும். அந்தச் சமயத்தில் கேட்டால் பகலில் தூங்கி எழுந்த களைப்போடுதான் வந்து ஆடுவார்கள். அந்தக் களைப்பு உடம்பில் தெரியும், அது உங்கள் பாத்திரத்துக்கும் வந்து சேரும்.

படப்பிடிப்புக்கு இரண்டு போன் போதும். ஒன்றை நேர் முன்னாலும், இன்னொன்றை அதற்குச் செங்கோணமாகப் பக்கவாட்டிலும் வையுங்கள். இரண்டும் ஆடுபவரின் இடுப்பு உயரத்தில், 5 அல்லது 6 மீட்டர் தள்ளி, ஸ்டாண்டில் அசையாமல் இருக்க வேண்டும். கிட்டே நின்று அகல லென்ஸில் எடுத்தால் முன்னால் வரும் கை பெருத்து, கால் சிறுத்துவிடும். தள்ளி நின்று 2x ஜூமில் எடுத்தால் உடம்பின் அளவு மாறாது. ஆட்டக்காரருக்குக் கீழே ஒரு சாண் தரையும், கிளிக்கு மேலே ஒரு சாண் வெற்றிடமும் தெரியட்டும்.

நல்ல வெளிச்சத்தில், வினாடிக்கு 60 ஃப்ரேமில் எடுங்கள். ஷட்டர் வேகத்தைக் கையால் மாற்ற முடிந்தால் 1/500 வையுங்கள். சுழலும்போது பாதம் மங்கலாகிப் போனால், அது எந்த ஃப்ரேமில் தரையைத் தொட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு போனுக்கும் தெரியும்படி ஒருவர் ஓங்கிக் கை தட்டட்டும். பிறகு இரண்டு வீடியோவையும் நேர் செய்ய அந்த ஓசை போதும்.

உடையைப் பற்றி ஒன்று. மேடை உடையின் ஜிகினாவும் ஒட்டியாணமும் இடுப்பு எலும்பை மறைத்துவிடும். ஒத்திகைக்குப் போடும் ஒட்டிய உடையில் ஒருமுறை ஆடச் சொல்லுங்கள். இடுப்பின் இரண்டு முன் எலும்பு, இரண்டு முட்டி, இரண்டு தோள்முனை ஆகிய இடங்களில் பெரிய ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டால், இடுப்பு எவ்வளவு சாய்கிறது என்பது தூரத்திலிருந்தே தெரியும். மேடை உடையில் ஆடுவதையும் ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். பாவாடையும் சலங்கையும் எப்படி ஆடுகின்றன என்று கடைசியில் பார்க்க வேண்டியிருக்கும்.

தவில்காரர் ஒருவர் கூட இருந்தால் நல்லது. நையாண்டி மேளம் முழுக்க வேண்டாம், தவில் ஒன்றே போதும். மௌனத்தில் ஆடச் சொன்னால் உடம்பு அடியை மெல்ல வைக்கும். அந்தச் சுணக்கத்தை எந்த மென்பொருளிலும் பிறகு சரிசெய்ய முடியாது.

அப்புறம், பலரும் விட்டுவிடுகிற ஒன்று: அதே அடவைக் கரகம் இல்லாமலும் ஒருமுறை ஆடச் சொல்லி எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால், கரகத்துக்காக உடம்பு எதை மாற்றிக்கொள்கிறது என்பது தனியாகத் தெரியவரும். என்னைக் கேட்டால், அன்றைக்கு எடுத்த எல்லாவற்றிலும் மதிப்புள்ள வீடியோ அதுதான்.

2. ஃப்ரேம் கணக்கை முதலிலேயே முடித்துவிடுங்கள்

போன் எடுக்கும் வீடியோவில் ஃப்ரேம் வேகம் நிலையாக இருக்காது. வெளிச்சம் குறைந்தால் 60 என்பது 57 ஆகும், மறுபடி ஏறும். அப்படியே அனிமேஷன் மென்பொருளில் போட்டால் பத்து வினாடியில் தாளம் விலகிவிடும். முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

60-ஐ 24-ஆக்கினால் ஒரு சிக்கல் இருக்கிறது. 60-ஐ 24-ஆல் வகுத்தால் 2.5 வரும். பாதி ஃப்ரேம் என்று ஒன்று கிடையாது என்பதால், மாற்றும் கருவி ஒருமுறை இரண்டு ஃப்ரேம் தாவும், அடுத்தமுறை மூன்று தாவும். அதைப் பார்த்து வரைந்தால் அந்தத் திக்கலும் அசைவுக்குள் வந்துவிடும். இணையத்துக்கான வேலை என்றால் 30-லேயே அனிமேட் செய்யுங்கள், கணக்கு நேராக வரும். சினிமாவுக்காக 24 கட்டாயம் என்றால், வீடியோவிலிருந்து தொடும் நேரங்களை வினாடியில் குறித்து, 24-ஆல் பெருக்கி, அருகிலுள்ள ஃப்ரேமில் வையுங்கள்.

30-க்கு மாற்றிப் படங்களாகப் பிரிக்கவும், தவில் ஒலியைத் தனியே எடுக்கவும் இது போதும் (mun, pakkam என்ற இரண்டு ஃபோல்டர்களையும் முன்பே உருவாக்கி வையுங்கள்):

```
ffmpeg -i mun.mp4 -vf fps=30 mun/%04d.jpg
ffmpeg -i pakkam.mp4 -vf fps=30 pakkam/%04d.jpg
ffmpeg -i mun.mp4 -vn thavil.wav
```

கை தட்டிய படம் இரண்டு ஃபோல்டரிலும் எந்த எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த வித்தியாசத்தைக் கழித்தால் முன்பக்கமும் பக்கவாட்டும் ஒன்றாக ஓடும்.

3. மென்பொருளைத் திறக்கும் முன் பென்சிலை எடுங்கள்

நீளமான ஆட்டத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே அடவு, நான்கைந்து வினாடி போதும். நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம், பக்கவாட்டில் இடுப்பை வெட்டி வெட்டி நகரும் எளிய நடை. ஒரு கை இடுப்பில், ஒரு கை தோள் உயரத்தில்.

தவில் நிமிடத்துக்கு 150 அடி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடிக்கு 0.4 வினாடி, அதாவது 30 ஃப்ரேம் வேகத்தில் 12 ஃப்ரேம். ஆக, காலடிகள் 1, 13, 25 என்று விழும். முதல் அடியை மட்டும் பிரித்துப் பார்த்தால் குறிப்பு இப்படி வரும்:

ஃப்ரேம் 1: வலது பாதம் தரையைத் தொடுகிறது. எடை இன்னும் இடது காலில்தான்.
ஃப்ரேம் 4: எடை வலது காலுக்கு வந்துவிட்டது. முட்டி மிக மடிந்திருக்கிறது, இடுப்பு இருப்பதிலேயே தாழ்ந்த இடம் இது.
ஃப்ரேம் 7: இடுப்பு வலப்பக்கம் முழுக்க வெளியே தள்ளியிருக்கிறது. இடது பாதம் தரையை விட்டுவிட்டது.
ஃப்ரேம் 10: இடது கால் கடந்து போகிறது. இடுப்பு நடுவுக்குத் திரும்பிச் சற்று உயர்கிறது.
ஃப்ரேம் 13: இடது பாதம் தரையில். இனி எல்லாம் இடவலம் மாறி நடக்கும்.

பாதம் தொடும் ஃப்ரேமும் எடை இறங்கும் ஃப்ரேமும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். நடுவில் மூன்று ஃப்ரேம் இருக்கிறது. மிதக்கும் அனிமேஷன்களில் பெரும்பாலும் இந்த மூன்று ஃப்ரேம்தான் காணாமல் போயிருக்கும். பாதம் வந்த கணத்திலேயே உடம்பும் வந்து நின்றுவிடும்.

இப்போது ஃப்ரேம் 7-ஐ அச்செடுத்தோ, திரையின் மேலோ மூன்று கோடுகளை இழுங்கள். முதல் கோடு இரண்டு இடுப்புப் பொட்டுகளைச் சேர்ப்பது. எடை தாங்கும் வலப்பக்கம் உயர்ந்து, இடப்பக்கம் தாழ்ந்திருக்கும். இரண்டாவது கோடு தோள்களைச் சேர்ப்பது. அது நேர் எதிராக, வலத்தோள் தாழ்ந்து சாய்ந்திருக்கும். மூன்றாவது கோடு இரண்டு காதுகளைச் சேர்ப்பது. அது கிடைமட்டமாக இருக்கும். தோள் வலப்பக்கம் சரிந்ததைக் கழுத்து இடப்பக்கம் வளைந்து ஈடுகட்டிவிடுகிறது.

கரகாட்டத்தின் முதுகெலும்பு வேலை முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. இடுப்பில் பிறக்கும் சாய்வு மேலே ஏற ஏறக் குறைந்து, காதுக்கு வரும்போது இல்லாமல் போகிறது. கரகம் இல்லாமல் எடுத்த வீடியோவில் அதே ஃப்ரேமைப் பாருங்கள். பெரும்பாலும் காதுக் கோடும் சாய்ந்திருக்கும்.

பக்கவாட்டு வீடியோவில் பார்க்க வேண்டியது முட்டியை. சாதாரண நடையில் கால் ஒவ்வோர் அடியிலும் நிமிர்வதால் தலை ஏறி இறங்கும். கரகத்தோடு ஆடும்போது முட்டி முழுசாக நிமிர்வதே இல்லை. எப்போதும் சற்று மடிந்தே இருந்து, வண்டியின் ஸ்பிரிங் போல அதிர்வை வாங்கிக்கொள்கிறது.

4. காட்சியில் பொருத்துவது

நான் பிளெண்டரை வைத்துச் சொல்கிறேன். மற்ற மென்பொருளிலும் வழி இதேதான். இரண்டு கேமரா வையுங்கள், ஒன்று முன்னால், ஒன்று பக்கவாட்டில். ஒவ்வொன்றின் அமைப்பிலும் `Background Images`-ஐத் திறந்து அந்தந்தப் படவரிசையை ஏற்றுங்கள். 2x ஜூமில் எடுத்திருந்தால் கேமராவின் `Focal Length` ஏறத்தாழ 50 மி.மீ. இருக்கட்டும், தூரமும் உயரமும் நீங்கள் போன் வைத்த அதே அளவில் இருக்கட்டும்.

உங்கள் பாத்திரம் அந்தக் கலைஞரின் உடல் அளவில் இருக்காது. கால் குட்டையாக, தலை பெரிதாக இருக்கலாம். அப்போது உருவக்கோட்டின் மேல் உருவக்கோட்டைப் பொருத்த முயன்றால் பாதம் சறுக்கும், இல்லையென்றால் கால் இழுபட்டு விறைக்கும். வீடியோவிலிருந்து எடுக்க வேண்டியவை நேரமும் கோணமும். தூரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் கால் நீளம் கலைஞருடையதில் முக்கால் பங்கு என்றால், அடியின் அகலமும் இடுப்பு நகரும் தூரமும் முக்கால் பங்கு. ஃப்ரேம் எண் மாறாது.

5. கீழிருந்து மேலே போஸ் வையுங்கள்

இடைப்பட்ட அசைவை மென்பொருள் நிரப்பாமல் இருக்க, கீகளை `Constant` முறையில் வைத்துத் தொடங்குங்கள். மேலே குறித்த ஃப்ரேம்களில் மட்டும் போஸ். வரிசை முக்கியம்: முதலில் பாதம், அடுத்து இடுப்பு, அதற்கப்புறம் மார்பு, பிறகு கழுத்தும் தலையும், கடைசியில் கை. கையில் தொடங்கினால் கை அழகாக வந்துவிடும், அந்தக் கையைக் கெடுக்க மனம் வராமல் இடுப்பைத் தவறாகவே விட்டுவிடுவீர்கள்.

ஒவ்வொரு போஸிலும் ஒரே சோதனை. உடம்பின் நடுப்பகுதியிலிருந்து, அதாவது தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருந்து, நேர் கீழாக ஒரு கோடு விடுங்கள். ஒற்றைக் காலில் நிற்கும் ஃப்ரேமில் அந்தக் கோடு தாங்கும் பாதத்துக்குள் விழ வேண்டும். வெளியே விழுந்தால் பாத்திரம் விழுந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இடுப்பு வலப்பக்கம் தள்ளும்போது மார்பு இடப்பக்கம் வருவதும் இந்தக் கணக்கால்தான். ஆகவே மார்பு இடுப்புக்கு எதிராகப் போவதை அலங்காரம் என்று நினைத்துக் குறைத்துவிடாதீர்கள்.

போஸ்கள் ஒப்புக்கொள்ளும்படி வந்ததும் கீகளை `Bezier`-க்கு மாற்றுங்கள். உடனே எல்லாம் வழுவழுவென்று ஓடும், ஏமாந்துவிடாதீர்கள். இடுப்பின் உயரக் கர்வைத் திறந்து பாருங்கள். ஃப்ரேம் 1 முதல் 4 வரை அது செங்குத்தாக இறங்கி, 4-க்குப் பிறகு மெதுவாக ஏற வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இருந்தால் தவிலின் அடி காலில் கேட்காது. மார்பின் கீகளை இடுப்பை விட ஒரு ஃப்ரேம் தள்ளிப் போடுங்கள். அசைவு இடுப்பில் தொடங்கி மேலே ஏறுவது அப்போதுதான் தெரியும்.

6. தலையும் கரகமும்

இனிமேல்தான் கரகாட்டம். உங்கள் ரிக்கில் மார்பு திரும்பும்போது தலையும் கூடவே சாய்வதை நிறுத்தும் அமைப்பு இருக்கும். பிளெண்டரோடு வரும் Rigify ரிக்கில் அதன் பெயர் `Head Follow`. அதை 0-வில் வையுங்கள். இல்லாவிட்டால் மார்பை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் தலையையும் திருத்த நேரிடும்.

கரகத்தைத் தலை எலும்போடு ஒட்டாதீர்கள். அப்படி ஒட்டினால் அது தொப்பிதான். உச்சந்தலையில் ஒரு சிறு எலும்போ எம்ப்டியோ வைத்து, கரகத்துக்கு `Copy Location` மட்டும் கொடுங்கள். இருப்பிடம் தலையோடு போகும், சாய்வு உங்கள் கையில் இருக்கும்.

கரகம் ஏன் நிற்கிறது என்று தெரிந்தால் அதன் சாய்வை அனிமேட் செய்வது எளிது. கனமான பொருள் அசைய மறுக்கும். கீழே தலை சற்று நகர்ந்தாலும் செம்பு உடனே கூடப் போகாது. உயரமான பொருள் சாயத் தொடங்கினாலும் மெதுவாகவே சாயும், அதற்குள் தலை அடியில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆகவே தலை வலப்பக்கம் போனால் கரகத்தின் உச்சி ஒன்றிரண்டு ஃப்ரேம் பின்தங்கி, இடப்பக்கம் சாய்ந்ததுபோல் இருக்கும். பிறகு நிமிரும். சாய்வு 1 அல்லது 2 டிகிரி போதும். 5 டிகிரி போனால் பார்ப்பவர் கை தானாக அதைப் பிடிக்க நீளும். சுத்தமாக 0 என்றால் பசை போட்டு ஒட்டியதுபோல் இருக்கும்.

இப்போது தலை எலும்புக்கு `Motion Paths` கணக்கிட்டு, முன் கேமராவில் பாருங்கள். கிட்டத்தட்ட படுத்த கோடு ஒன்று கிடைக்க வேண்டும். இடுப்பின் பாதையும் பக்கத்தில் இருந்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். இடுப்பு வளைந்து வளைந்து எட்டுப் போடும், தலை நூல் பிடித்ததுபோல் நகரும். தலைக் கோட்டில் மேலும் கீழுமாகப் பல் பல்லாக வந்தால், தலையைத் திருத்தாதீர்கள். முட்டிக்குத் திரும்பிப் போய் அது எங்கே நிமிர்கிறது என்று பாருங்கள், பிழை அங்கேதான் இருக்கும்.

கண்ணுக்கும் ஒரு வேலை உண்டு. கரகம் வைத்தவர் தரையைப் பார்க்கத் தலையைக் குனிய முடியாது. கீழே கிடக்கும் ரூபாய் நோட்டை எடுக்கக் குனியும்போதும் இடுப்பும் முட்டியும் மடியும், முகம் முன்னாலேயே நிற்கும், விழி மட்டும் கீழே போகும். அந்த விழியசைவை வைக்காவிட்டால் பாத்திரம் நோட்டைத் தற்செயலாக எடுத்ததுபோல் ஆகிவிடும். சுழலும்போதும் அப்படியே. பாலே ஆடுபவர் செய்வதுபோல் முகத்தை ஓரிடத்தில் நிறுத்திப் பிறகு வெட்டித் திருப்பினால் கரகம் நிற்காது. தலை உடம்போடு ஒரே சீராகத் திரும்பட்டும்.

7. வீடியோவை விட்டு விலகும் இடம்

மேக்ஸ் ஃபிளெய்ஷர் 1915-இல் உருவாக்கிய ரோட்டோஸ்கோப் கருவி, படம் பிடித்ததைக் கண்ணாடியில் வீழ்த்தி அப்படியே வரையும் வசதியைத் தந்தது. அப்படி வரைந்ததில் அசைவு நிஜமாக இருந்தாலும் உயிர் குறையும் என்பதை அனிமேட்டர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். தசையின் இறுக்கம், மூச்சு, தோலின் அதிர்வு என்று உண்மையான உடம்பில் எடையைச் சொல்லும் சின்னச் சின்ன விவரங்கள் பல. எளிமையாக்கிய பாத்திரத்தில் அவை இல்லை. அந்தக் குறையை அசைவிலேயே ஈடுகட்ட வேண்டும்.

கரகாட்டத்தில் எங்கே கூட்டலாம், எங்கே கூடாது என்பது தெளிவு. ஃப்ரேம் 4-இல் இடுப்பு இறங்குவதை வீடியோவில் இருப்பதை விடக் கால் பங்கு கூட்டுங்கள். ஃப்ரேம் 7-இல் இடுப்பு வெளியே தள்ளிய நிலையை இன்னும் ஒரு ஃப்ரேம் பிடித்து நிறுத்துங்கள். தலையில் மட்டும் எதையும் கூட்டாதீர்கள். கீழே எவ்வளவு கூட்டினாலும் மேலே அமைதி குறையாதபோதுதான் ஆட்டக்காரரின் தேர்ச்சி தெரியும்.

இந்தக் கட்டத்தில் பின்னணி வீடியோவை அணைத்துவிட்டு, தவில் ஒலியோடு மட்டும் ஓடவிடுங்கள். பாத்திரத்துக்கு ஒரே கறுப்பு நிறம் கொடுத்து நிழலுருவாகப் பாருங்கள். எந்தக் காலில் எடை இருக்கிறது என்பது அப்போதும் தெரிய வேண்டும். பிறகு கரகத்தை மறைத்துவிட்டு ஓடவிடுங்கள். தலையில் ஏதோ இருக்கிறது என்று உடம்பே சொல்ல வேண்டும். சொல்லவில்லையென்றால், கரகம் இல்லாமல் எடுத்த வீடியோவோடு ஒப்பிடுங்கள். அதோடு ஒத்துப்போனால் கழுத்தின் ஈடுகட்டலும் முட்டியின் மடிப்பும் குறைந்திருக்கின்றன என்று அர்த்தம்.

பாவாடை, சலங்கை, பூச்சரம், கிளி எல்லாம் இதற்குப் பிறகுதான். மேடை உடையில் எடுத்த வீடியோவைத் திறந்து, பாவாடை இடுப்பை விட எத்தனை ஃப்ரேம் தாமதமாக வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். துணியைக் கணினியே கணக்கிடும்படி விட்டாலும் அந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் அமைப்பை மாற்ற வேண்டும். கிளிக்குத் தனி எலும்பு ஒன்று கொடுத்து, ஒவ்வொரு காலடிக்கும் இரண்டு ஃப்ரேம் கழித்து ஒரு சின்ன நடுக்கம் வையுங்கள். செம்பு அசையாமல் கிளி மட்டும் நடுங்கினால், காலில் விழுந்த அடி உச்சி வரை போய்ச் சேர்ந்தது தெரியும்.